ஊருக்கு ஒரு பத்திரிகை, உறவுக்கு ஒரு பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையை அப்படியே படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறோம். அதில் வீட்டு முகவரி, பெற்றோரின் செல்பேசி எண், முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் எல்லாம் இருக்கும். சேர்த்துப் படித்தால், அந்த இரவு முழுவதும் வீடு பூட்டியிருக்கும் என்பது யாருக்கும் விளங்கிவிடும்.

அதனால் இரண்டு படங்கள் தயாரியுங்கள். பொதுவில் போடுவதில் மணமக்கள் பெயர், மாதம், ஊர் மட்டும் போதும். முகவரி, நேரம், மண்டபத்தின் கூகுள் மேப் இணைப்பு, மொய்க்கான க்யூஆர் கோடு ஆகியவற்றை அழைத்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட்டால் அங்கிருந்து எங்கும் போகலாம். ‘வேறெங்கும் பகிர வேண்டாம்’ என்று படத்திலேயே ஒரு வரி அச்சிடுங்கள்.

அழைப்பைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் அனுப்புங்கள். பத்திரிகை என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வந்தால், அது செல்பேசியில் செயலியை நிறுவப் பார்க்கும் மோசடி, திறக்கக் கூடாது.