பரீட்சை மண்டபத்தின் வாயிலில்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாணவன் செல்கின்றான். முன்னிரவில் பாடங்களை ஒருமுறை மீட்டியதோடு தன் ஆயத்தம் முடிந்துவிட்டதென்று அவன் எண்ணியிருந்தான். ஆயினும், மண்டபத்து வாயிலில் அவனிடம் முதலிற் கேட்கப்படுவது பாட அறிவன்று. அவன் யார் என்பதற்கான சான்றேயாகும்.

அச்சான்று இரு வகைப்படும். ஒன்று பரீட்சைத் திணைக்களத்தின் அனுமதி அட்டை. பாடசாலை மாணவனாயின், அதில் அவன் இட்ட கையொப்பத்தை அதிபர் உறுதிப்படுத்தியிருத்தல் வேண்டும். மற்றையது தேசிய அடையாள அட்டை. செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் அதற்கு ஈடாகக் கொள்ளப்படும். அடையாள அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள் ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கும் உறுதிப்படுத்தற் கடிதத்தை முற்கூட்டியே பெற்றுவைத்தல் வேண்டும். விண்ணப்பித்தவரும் விடை எழுதுபவரும் ஒருவரே என்பதை மேற்பார்வையாளர் அறிவதற்கு வேறு வழியில்லை.

நம் மாணவன் தன் அடையாள அட்டையை வீட்டில் மறந்து பாதி வழியில் திரும்பினான். காலை 8.30 மணிக்குத் தொடங்கிய மூன்று மணி நேர வினாத்தாளுக்கு 8.50 மணிக்கு வந்து சேர்ந்தான். தொடங்கி அரை மணி நேரம் கழிந்திராமையால் உள்ளே அனுமதிக்கப்பட்டான். 9 மணிக்குப் பின் வந்திருப்பின் அவ்வாய்ப்பும் இருந்திராது. எனினும், பிந்திய இருபது நிமிடம் ஈடுசெய்யப்படவில்லை. 11.30 மணிக்கு மற்றவர்களோடு அவனும் எழுதுவதை நிறுத்தினான்.

இடையில் அவன் மலசலகூடம் செல்ல நேர்ந்தது. நோக்குநரின் அனுமதி பெற்று, அவரது கண்காணிப்பிலேயே சென்று திரும்பினான். வினாத்தாளும் விடைத்தாளும் மேசையிலேயே இருந்தன. அதிற் சென்ற நிமிடங்களும் அவனுடைய நேரத்திலிருந்தே கழிந்தன.

நண்பகல் இடைவேளையிலேதான் பெரிய இடர் காத்திருந்தது. மரநிழலில் அமர்ந்து குறிப்புகளைப் படித்த மாணவன், சூத்திரங்கள் எழுதிய சிறு துண்டொன்றை மடித்துச் சட்டைப்பையில் இட்டான். இரண்டாம் வினாத்தாளுக்கு மணி அடித்தபோது அதை முற்றாக மறந்துவிட்டான். பார்த்தெழுத அவன் கருதவேயில்லை. ஆனால், அத்தகைய தாளை உடன் வைத்திருத்தலே விதிமீறலாகும். பயன்படுத்தினானா என்பது பிறகு எழும் கேள்வி. கைப்பேசிக்கும் இதே விதிதான். குற்றம் உறுதியாயின் பெறுபேறுகள் இரத்தாகலாம். பின்வரும் பரீட்சைகளுக்குத் தோற்றவும் தடை விதிக்கப்படலாம்.

வாயிலில் நின்ற தோழனொருவன், "பையைப் பார்த்தாயா?" என்று கேட்டான். மாணவன் கையை விட்டுப் பார்த்தான், துண்டு அகப்பட்டது. அதனை வெளியே வைத்திருந்த தன் புத்தகப் பைக்குள் இட்டுவிட்டு உள்ளே சென்றான்.

காலையில் ஒருமுறை, இடைவேளை முடிவில் மற்றொருமுறை என, சட்டைப்பையை இருமுறை வெறுமையாக்கிப் பார்க்க ஒரு நிமிடமும் செல்லாது. இரண்டாண்டுப் படிப்பு அந்த ஒரு நிமிடத்திற் தங்கியிருக்கக்கூடும்.