கணக்கு எண் மாறியதாக ஒரு மின்னஞ்சல்: பணம் போன பின் வரும் முதல் சில மணி நேரம்

2024 ஜூலை 15 அன்று சிங்கப்பூரில் சரக்கு வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. வழக்கமாகப் பொருள் தரும் நிறுவனமே அனுப்பியதுபோல இருந்த அந்தக் கடிதம், பாக்கித் தொகையைக் கிழக்குத் திமோரில் உள்ள ஒரு புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னது. அனுப்பியவரின் முகவரியில் எழுத்து லேசாக மாறியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. 19ஆம் தேதி 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலர் அந்தக் கணக்குக்குப் போனது. உண்மையான நிறுவனம் "பணம் வரவில்லையே" என்று கேட்டபோதுதான், நான்கு நாள் கழித்து, விஷயம் தெரிந்தது. அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தார்கள். சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போல் வழியாகத் திமோருக்குத் தகவல் அனுப்பியது. 25ஆம் தேதி, 3 கோடியே 90 லட்சம் டாலர் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. பிறகு ஏழு பேர் கைதாகி, மேலும் 20 லட்சம் டாலருக்கு மேல் மீட்கப்பட்டது.

நான்கு நாள் கழித்தும் பணம் போன இடத்திலேயே கிடந்தது அபூர்வம். நம் நாட்டில் இந்த மோசடிக்குப் பயன்படும் கணக்குகள் பெரும்பாலும் கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்டவை. பணம் வந்து விழுந்ததும் அது நான்கைந்து கணக்குகளாகப் பிரியும், அங்கிருந்து மறுபடி பிரியும், கடைசியில் காசோலையாகவோ ஏடிஎம் வழியாகவோ ரொக்கமாக வெளியேறும். எனவே பணம் அனுப்பிய பின் நாம் செய்யக்கூடியவற்றில் பயன் தருவது முதல் சில மணி நேரத்தில் செய்வதுதான். அந்த நேரத்தைப் பல நிறுவனங்கள் "யார் தப்பு" என்று அலுவலகத்துக்குள் விசாரிப்பதிலேயே செலவழித்துவிடுகின்றன.

உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் உள்ள ஒரு நூல் மில்லுக்கு 18,40,000 ரூபாய் தர வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மில்லிலிருந்து மின்னஞ்சல் வருகிறது: "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது. இந்தப் பில்லுக்கு மட்டும் கீழே உள்ள கணக்கில் செலுத்துங்கள்." பில் எண் சரி, தொகை சரி, கையெழுத்துப் பகுதி சரி. பழைய கடிதங்களின் தொடர்ச்சியாகவே அது வந்திருக்கிறது. மில்லின் முகவரியில் `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 11:40க்குக் கணக்காளர் ஆர்டிஜிஎஸ் போடுகிறார். மாலை நான்கு மணிக்கு மில்லுக்குப் போன் செய்கிறார்.

"அண்ணா, பேமென்ட் போட்டாச்சுங்க, பாத்தீங்களா?"

"இல்லீங்களே, எந்தக் கணக்குக்குப் போட்டீங்க?"

இந்த நொடியிலிருந்து இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் பேச வேண்டும். ஒன்று வங்கிக்கு, இன்னொன்று 1930 என்ற எண்ணுக்கு. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்றால் நேரம் போய்விடும். பேசுகிறவர் கையில் ஒரு தாளில் யுடிஆர் எண், அனுப்பிய நேரம், தொகை, நம் கணக்கு எண், பணம் போன கணக்கின் எண், அதன் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவை இருக்க வேண்டும். யுடிஆர் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி எண். இணைய வங்கிக் கணக்கின் பட்டியலில் அது இருக்கும். அது இல்லாமல் பணத்தைப் பின்தொடர்வது கடினம்.

இரண்டு போன்களும் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆர்டிஜிஎஸ்ஸில் போன பணம் போனதுதான், அனுப்பிய வங்கி தானாக அதைத் திரும்ப இழுக்க முடியாது. போய்ச் சேர்ந்த வங்கிக்கு "இது மோசடி, பணத்தைத் திருப்புங்கள்" என்று கோரிக்கை அனுப்பத்தான் அதனால் முடியும். அந்த வங்கியோ தன் வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் கணக்கில் கை வைக்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தை நீக்குவது போலீஸ் தரப்பிலிருந்து வரும் அறிவிப்பு. வங்கிக் கோரிக்கை மட்டும் போனால் கடிதப் போக்குவரத்தாக இழுக்கும். போலீஸ் புகார் மட்டும் இருந்தால் நம் வங்கியில் விஷயத்தைக் கையில் எடுக்க ஆள் இருக்க மாட்டார்.

வங்கியிடம் சொல்லும் சொல்லிலும் கவனம் தேவை. "தவறான கணக்குக்கு அனுப்பிவிட்டேன்" என்று சொன்னால், எண்ணைத் தப்பாகத் தட்டிய வழக்கமான புகாராக அதைப் பதிவு செய்வார்கள். அது மெதுவாக நகரும் வேறு வழி. "மோசடி மின்னஞ்சலை நம்பி அனுப்பப்பட்ட பணம், பெற்ற வங்கிக்கு உடனே திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்புங்கள், அந்தக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி, அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். கிளை மேலாளர் கிடைக்காவிட்டால் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழைக்கலாம். அது இரவிலும் விடுமுறையிலும் இயங்கும். ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து நாள் முழுவதும் ஓடுகிறது. சனி, ஞாயிறிலும் திருடனால் பணத்தை நகர்த்த முடியும் என்பதால் திங்கள்கிழமை வரை பொறுப்பதில் அர்த்தமில்லை. ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் பணம் எந்த வங்கிக்குப் போனது என்பதையும் கடைசி ஆறு இடங்கள் எந்தக் கிளை என்பதையும் காட்டிவிடும். அந்த வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் நாமே நேராகத் தகவல் சொல்லலாம். நாம் அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லையென்றாலும் அவர்கள் எச்சரிக்கையாவார்கள்.

1930 என்பது உள்துறை அமைச்சகத்தின் கீழ் 2021இல் தொடங்கிய ஏற்பாட்டின் எண். அழைத்தால், நாம் தரும் விவரங்களைப் போலீசார் ஒரு பொது அமைப்பில் ஏற்றுவார்கள். நம் வங்கிக்கும் பணம் போன வங்கிக்கும் அது அங்கேயே தெரியும். பணம் இன்னும் இருந்தால் அந்தத் தொகை முடக்கப்படும். நகர்ந்திருந்தால், எந்த வங்கிக்கு நகர்ந்தது என்பதைப் பெற்ற வங்கி பதிவு செய்யும், புகார் அடுத்த வங்கிக்குப் போகும். அதாவது பணம் பிரிந்து ஓடும் அதே பாதையில் புகாரும் ஓடுகிறது. முந்துவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் திருப்பூர்க் கணக்கில் நான்கு மணிக்குத் தெரிந்து, நாலேகாலுக்குப் புகார் போயிருந்தால், 18.4 லட்சத்தில் முதல் கணக்கில் மிச்சமிருப்பதும் இரண்டாவது அடுக்கில் கிடப்பதும் பிடிபட வாய்ப்பு உண்டு. ரொக்கமாக எடுத்தது பிடிபடாது. ஒரு பகுதி கிடைத்து மீதி போவதுதான் இதில் சகஜம்.

அழைப்பு முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதோடு வேலை முடியவில்லை. `cybercrime.gov.in` தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் ஆவணங்களோடு பதிவு செய்ய வேண்டும். பிறகு மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் முதல் தகவல் அறிக்கை கேட்க வேண்டும். பெரிய தொகைக்கு அது மிக முக்கியம், ஏனென்றால் பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது அதுதான் அடிப்படை.

பலரும் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். மூன்று நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் நம் மேல் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் சொன்ன விதி, நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணத்துக்கானது. இங்கே நாமே கடவுச்சொல்லும் ஓடிபியும் போட்டு அனுப்பியிருக்கிறோம். எனவே "வங்கி ஈடுகட்டிவிடும்" என்று நினைத்துக் காத்திருப்பது பெரிய தவறு.

போன்களில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் மின்னஞ்சலைக் கவனிக்க வேண்டும். பில் எண்ணும் தொகையும் திருடனுக்கு எப்படித் தெரிந்தன? நம் அஞ்சல் பெட்டியிலோ மில்லின் பெட்டியிலோ அவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறான். இப்போதும் உள்ளே இருக்கலாம். ஆகவே அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி விசாரிக்கக் கூடாது. அது அவனுக்குத் தகவல் சொல்வதாகும், மிச்சப் பணத்தையும் உடனே நகர்த்துவான். மில்லோடு பேசுவதெல்லாம் பழைய பில்லில் உள்ள போன் எண்ணிலேயே நடக்கட்டும். அஞ்சல் பெட்டியின் அமைப்புகளில் வடிகட்டி விதிகளைத் திறந்து பாருங்கள். `bank`, `payment` போன்ற சொல் உள்ள கடிதங்களை யாரும் பார்க்காத கோப்புறைக்கு அனுப்பும் விதியோ வெளிமுகவரிக்கு நகல் அனுப்பும் விதியோ இருந்தால், நம் பெட்டிதான் உடைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் படமெடுத்துவிட்டு, பிறகு விதியை நீக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும்.

மோசடிக் கடிதத்தை அழிக்கவே கூடாது. ஜிமெயிலில் `Show original` என்பதைத் திறந்து முழுத் தலைப்பு விவரத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். எந்தச் சர்வரிலிருந்து வந்தது, பதில் எந்த முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கோபத்தில் கணினியையே ஃபார்மட் செய்துவிட்டால் விசாரணைக்கு எதுவும் மிஞ்சாது.

பணம் வெளிநாட்டுக்குப் போயிருந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவைப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் இடைநிலை வங்கிகள் வழியாகப் போவதால் சில சமயம் ஓரிரு நாள் நடுவழியில் நிற்கும். அதுவே வாய்ப்பு. ஸ்விஃப்ட் வழியாக ரத்துக் கோரிக்கை அனுப்பச் சொல்லி, அனுப்பிய செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க வங்கிக்குப் போன பணமென்றால் எஃப்பிஐயின் `ic3.gov` தளத்தில் நாமும் புகார் தரலாம். அமெரிக்காவிலிருந்து வேறு நாட்டுக்குப் போன பெரிய தொகைகளை நிறுத்த எஃப்பிஐ வைத்திருக்கும் நடைமுறைக்கு 72 மணி நேரமே வரம்பு.

இவ்வளவுக்குப் பிறகும் மில்லுக்கான பாக்கி அப்படியே நிற்கிறது. யாருடைய பெட்டி உடைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள இரு தரப்பும் பேசலாம். அந்தப் பேச்சுக்கு முதல் நாளில் எடுத்த படங்களும் தலைப்பு விவரமும்தான் சாட்சி. சைபர் காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், தாமதத்தைக் காட்டி மறுப்பதுண்டு. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று அடுத்த வாரம் ஒருவர் அழைத்தால் அதுவும் மோசடியே.

முடக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வராது. அது வங்கியில் நிற்கும், பெரிய தொகையை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். எந்தக் கணக்கில் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் பெற்று, ஒப்புகை எண், முதல் தகவல் அறிக்கை, வங்கி அறிக்கை ஆகியவற்றோடு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. பணம் பல வங்கிகளில் சிதறி முடங்கியிருந்தால் ஒவ்வொரு கணக்கின் எண்ணையும் தொகையையும் மனுவில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். உத்தரவில் பெயர் வராத வங்கி பணத்தை விடாது.