அந்த 5 எங்கே போச்சு? ஃபிக்ஸ்டு பீமோட கணக்கு

செமஸ்டர் எழுதின எல்லாருக்கும் இந்த ரெண்டு ஃபார்முலா தெரியும். பீம் முழுக்க சீரா லோடு இருந்தா, நடுவுல எவ்வளவு இறங்கும்னு சொல்றவை.

```
சிம்ப்ளி சப்போர்ட்டட்:  5wL⁴ / 384EI
ஃபிக்ஸ்டு:              wL⁴ / 384EI
```

அதே நீளம், அதே லோடு, அதே கான்கிரீட். ஆனா முனைகளைப் பிடிச்சு வெச்சா டிஃப்ளெக்ஷன் ஐந்துல ஒரு பங்கா குறையுது. அப்போ மீதி நாலு பங்கை யார் தடுத்தது? இதுக்கு விடை தெரிஞ்சா ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. அதைவிட முக்கியமா, சாஃப்ட்வேர்ல சப்போர்ட்டை `Fixed`-னு குடுக்குறப்போ நாம என்ன வாக்குறுதி குடுக்குறோம்னு புரியும்.

முதல்ல முனை மொமென்ட்

ஒரு எக்ஸாம்பிளை கையில வெச்சுக்கலாம். 6 மீட்டர் ஸ்பேன், 230 × 450 மில்லிமீட்டர் கான்கிரீட் பீம். சொந்த எடையும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் லோடு. எம்25 கான்கிரீட்டுக்கு E-யை 25,000 மெகாபாஸ்கல்னு எடுத்துக்கிட்டா, விரிசல் விழாத முழு செக்‌ஷனுக்கு EI சுமார் 43,660 kN·m² வரும்.

இப்போ முனைகளை யாரும் பிடிக்கலைன்னு நினைச்சுக்கோங்க. பீம் தொங்கும், ரெண்டு முனையும் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு திரும்பும்ங்கிறதை மொமென்ட் டயக்ராமோட பாதிப் பரப்பளவே சொல்லிடும். நடுவுல wL²/8 உயரம் இருக்குற பரவளையம், அதோட பாதி நீளம் L/2. பரப்பு மூணுல ரெண்டு பங்கு. எல்லாத்தையும் பெருக்கி EI-யால வகுத்தா:

```
முனை ஸ்லோப் = wL³ / 24EI = 0.0041 ரேடியன்
```

அடுத்து, லோடை எடுத்துடுங்க. ரெண்டு முனையிலயும் சம அளவு மொமென்ட் M-ஐ மட்டும் எதிர்த்திசையில குடுங்க. பீம் முழுக்க ஒரே மொமென்ட், அதனால ஒரே வளைவு. அதாவது பீம் ஒரு வட்டத்தோட சின்னத் துண்டா மாறுது, ஆரம் EI/M. அந்த வில்லோட முனை ஸ்லோப் ML/2EI.

ஃபிக்ஸ்டு முனைன்னா திரும்பக்கூடாதுன்னு அர்த்தம். அப்போ லோடு திருப்புனதை M அப்படியே திருப்பிக் கொண்டு வரணும்.

```
ML / 2EI = wL³ / 24EI
M = wL² / 12 = 60 kN·m
```

EI ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடுச்சு பாருங்க. பீமோட சைஸை மாத்தினாலும், அது ஒரே செக்‌ஷனா நீளம் முழுக்க இருக்குற வரைக்கும், முனை மொமென்ட் மாறாது. இது ஹாகிங் மொமென்ட், மேல்பக்கம் இழுபடும்.

நடுவுல என்ன ஆச்சு? சிம்ப்ளி சப்போர்ட்டட்ல wL²/8, அதாவது 90 இருந்தது. அதுல 60-ஐ முனைங்க எடுத்துக்கிச்சு, மிச்சம் 30. லோடு கேக்குற மொத்தக் கணக்கு எப்பவும் 90 தான். முனைக்கும் நடுவுக்கும் அதை எப்படிப் பங்கு போடுறதுங்கிறது மட்டும் தான் சப்போர்ட்டோட கையில இருக்கு. இந்த ஒரு வரியை மறக்காதீங்க, கீழ திரும்ப வரும்.

இப்போ டிஃப்ளெக்ஷன்

அதே வட்ட வில்லைத் திரும்பப் பாருங்க. ஆரம் R உள்ள வில்லோட நடு உயரம் L²/8R. R-க்குப் பதிலா EI/M போட்டா ML²/8EI. M-க்கு wL²/12 போட்டா wL⁴/96EI, அதாவது 4wL⁴/384EI. நாம தேடுன நாலு பங்கு இதுதான். லோடு பீமை 5 பங்கு கீழ இறக்குது, முனை மொமென்ட் 4 பங்கு மேல தூக்குது, 1 பங்கு மிச்சம். நம்ம பீமுக்கு நம்பர்ல:

```
லோடு இறக்குறது        7.73 mm
மொமென்ட் தூக்குறது    6.18 mm
மிச்சம்                1.55 mm
```

பீம் ஸ்ட்ராங் ஆகலை, லோடும் குறையலை. ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சுக் கிடைச்ச சின்ன எண் தான் இந்த 1.55. கழிச்சு வர்ற எண்ணுக்கு ஒரு குணம் உண்டு: கழிக்கிற எண் கொஞ்சம் குறைஞ்சாலே விடை நிறைய மாறும்.

முனை கொஞ்சம் திரும்பிட்டா?

முழு ஃபிக்ஸிட்டி மொமென்ட்ல r பங்கு மட்டும் முனைக்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்கலாம். r = 1 ஃபிக்ஸ்டு, r = 0 சிம்ப்ளி சப்போர்ட்டட். தூக்குற பங்கு 4-க்குப் பதிலா 4r ஆகும், அதனால:

```
டிஃப்ளெக்ஷன் = (5 − 4r) × wL⁴ / 384EI
```

r பாதியானா, அதாவது 0.5 ஆனா, டிஃப்ளெக்ஷன் 3 பங்கு. "பாதி ஃபிக்ஸ்டு தானே, பரவாயில்லை"-னு நினைச்சா, 1.55 இருக்க வேண்டிய இடத்துல 4.64 மில்லிமீட்டர் வந்து நிக்கும். நடு மொமென்ட்டும் 30-ல இருந்து 60 ஆயிடும்.

பாதி மொமென்ட்டை இழக்க முனை எவ்வளவு திரும்பணும்? 0.0041-ல பாதி, 0.0021 ரேடியன், டிகிரில சுமார் 0.12. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 450 மில்லிமீட்டர் உயரமுள்ள பீமோட முனையில, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட வராத வித்தியாசம். அதுக்குள்ளேயே பாதி ஃபிக்ஸிட்டி காலி.

காலத்தைத் திருப்பி வெச்சா?

நிஜக் கட்டடத்துல பீமைப் பிடிக்கிறது காலம் தான். ஒரே ஒரு பே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காலம், பீமுக்கு மேலயும் கீழயும் 3 மீட்டர் உயரம், காலத்தோட மறுமுனைங்க ஃபிக்ஸ்டுனு எடுத்துக்கலாம். ஒரு ஜாயின்ட்டை ஒரு ரேடியன் திருப்ப காலத்துக்கு எவ்வளவு மொமென்ட் வேணுமோ அதை k-னு வெச்சா, மேலயும் கீழயும் சேர்த்து k = 2 × 4EIc/3. இதுல EIc காலத்தோடது. பீம் ரெண்டு பக்கமும் சமமா திரும்புறதால அதோட விறைப்பு 2EI/L. அதனால:

```
r = k / (k + 2EI/L)
```

காலமும் 230 × 450 தான். 450 பக்கம் பீம் போற திசையில இருந்தா r = 0.89. முனை மொமென்ட் 53, நடுவுல 37, டிஃப்ளெக்ஷன் 2.2 மில்லிமீட்டர். அதே காலத்தை 90 டிகிரி திருப்பி, 230 பக்கம் பீம் திசைக்கு வந்தா r = 0.68. முனையில 41, நடுவுல 49, டிஃப்ளெக்ஷன் 3.5 மில்லிமீட்டர். கான்கிரீட் அளவு ஒரு துளியும் மாறலை, ஆனா நடுவுல இருக்குற கம்பி 30-க்குப் பதிலா 49-ஐத் தாங்கணும். ஹால் சுவர்ல காலம் துருத்தக்கூடாதுன்னு பிளான்ல திருப்பி வைக்கிறப்போ, பீம் டிசைனும் கூடவே மாறுது.

செங்கல் சுவருக்குள்ள சொருகினா ஃபிக்ஸ்டா?

நிறைய பேர் படம் பார்த்து ஏமாறுற இடம் இது. புத்தகத்துல ஃபிக்ஸ்டு சப்போர்ட்டைச் சுவர் மாதிரி தானே வரையுறாங்க! நம்ம பீம் 230 மில்லிமீட்டர் சுவருக்குள்ள முழுசா போகுதுன்னு வைங்க. முனையில 60 கிலோநியூட்டன்-மீட்டர் வேணும்னா, சுவர் ஒரு இடத்துல கீழ இருந்து தள்ளி, இன்னொரு இடத்துல மேல இருந்து அமுக்கணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் 0.23 மீட்டரைத் தாண்டவே முடியாது. 60-ஐ 0.23-ஆல வகுத்தா 260. குறைஞ்சது 260 கிலோநியூட்டன் மேல இருந்து அமுக்கணும்.

மேல 3 மீட்டர் உயர செங்கல் சுவர் இருந்தா, ஒரு மீட்டர் நீளத்துக்கு அதோட எடை சுமார் 14 கிலோநியூட்டன் தான். பீம் அகலமோ 0.23 மீட்டர். பக்கத்துச் சுவரும் கொஞ்சம் உதவிக்கு வரும்னு தாராளமா எடுத்துக்கிட்டாலும் 260 எட்டாது. சுவர்ல உட்கார்ற பீமை சிம்ப்ளி சப்போர்ட்டட்னு டிசைன் பண்றதுக்குக் காரணம் இதுதான்.

தப்பு எந்தப் பக்கம் போனா என்ன?

முதல் வகை: `Fixed`-னு டிசைன் பண்ணி, சைட்ல முனை திரும்பிடுது. நடுவுல 30-க்குப் போட்ட கம்பி மேல 90 வரைக்கும் வரலாம், மூணு மடங்கு. நடுவுல கீழ்ப்பக்கம் செங்குத்தா விரிசல் விழும், தொங்கலும் தெரியும்.

ரெண்டாவது வகை: சிம்ப்ளி சப்போர்ட்டட்னு டிசைன் பண்ணி, காலத்தோட சேர்த்தே கான்கிரீட் போட்டுட்டாங்க. மேல்கம்பி பேருக்குத் தான் இருக்கு. நாம கணக்குல விட்டுட்டோம்னு பீமுக்குத் தெரியாது, முனை மொமென்ட்டை அது இழுத்துக்கும். காலத்தை ஒட்டி, பீமோட மேல்பக்கம் விரிசல் விழும். அப்புறம் முனை கொஞ்சம் திரும்பி, பங்கு நடுவுக்குப் போகும். நடுவுல 90-க்குக் கம்பி இருக்குறதால பீம் விழாது, ஆனா மேல் விரிசல் வழியா தண்ணி இறங்கிக் கம்பி துருப்பிடிக்க வழி திறந்துடும். அதனால தான் இந்த மாதிரி முனையிலயும் கொஞ்சம் மேல்கம்பி போடுறோம்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. மேல சொன்ன மில்லிமீட்டர் எல்லாம் விரிசல் விழாத பீமுக்கு, லோடு வெச்ச உடனே வர்ற இறக்கம். விரிசலும் வருஷக்கணக்குல வர்ற க்ரீப்பும் சேர்ந்தா நிஜ இறக்கம் இதைவிடப் பெருசா இருக்கும்.

அடுத்த தடவை மாடல்ல சப்போர்ட் குடுக்குறப்போ, ரன் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரிக் கணக்கு போட்டுப் பாருங்க: அந்த முனையில wL²/12 வரும், அதை வாங்கிக்க அங்க என்ன இருக்கு? காலம்னா k எவ்வளவு, எந்தப் பக்கம் திரும்பி இருக்கு? பதில் "ஒரு செங்கல் சுவர்"னா, அந்த 5-ஐத் திரும்ப ஃபார்முலாவுல போட்டுடுங்க.