உத்திரத்தின் k

தச்சர்கள் மர உத்திரத்தைப் படுக்கையாக வைக்க மாட்டார்கள். அகலம் குறைந்த பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தித்தான் வைப்பார்கள். மரம் அதேதான், எடையும் அதேதான். ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது கூடுதல் பாரம் தாங்குகிறது. எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்காக எழுதினால், பள்ளியில் ‘மாறல்’ என்று படித்த பாடம் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

இரு முனையிலும் தாங்கப்பட்டு, நடுவில் பாரம் ஏற்றப்படும் உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது பத்திரமாகத் தாங்கும் பாரம் W. அகலம் b இரு மடங்கானால் W இரு மடங்காகும். உயரம் d இரு மடங்கானாலோ W நான்கு மடங்காகும், ஏனெனில் அது d-யின் வர்க்கத்தோடு மாறுகிறது. நீளம் L இரு மடங்கானால் W பாதியாகிவிடும். முதல் இரண்டும் சேர்ந்தது கூட்டு மாறல், மூன்றாவது எதிர் மாறல்:

W = k·b·d²/L

நீளத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் இது d²-இல் அமைந்த பல்லுறுப்புச் சார்பு. உயரத்தை விட்டுவிட்டு நீளத்தை மாற்றினால், L கீழே பகுதியில் இருக்கும் விகிதமுறு சார்பு. மரம் தேக்கா வேறு எதுவா என்பது இந்தச் சமன்பாட்டில் ஒரே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது: k என்னும் மாறிலியில்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவீடு போதும். 5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 200 செ.மீ. நீளமுள்ள ஒரு சட்டம் 150 கிலோவைப் பத்திரமாகத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். k = 150 × 200 ÷ (5 × 100) = 60. இனி இந்த மரத்தில் எந்த அளவு உத்திரத்துக்கும் விடை சொல்லலாம். அதே சட்டத்தைப் படுக்கப் போட்டால் b = 10, d = 5; பாரம் 60 × 10 × 25 ÷ 200, அதாவது 75 கிலோ. சரிபாதி! நீளம் 3 மீட்டராகி, பாரம் மட்டும் 150 கிலோவாகவே இருக்க வேண்டுமென்றால், d² = 150 × 300 ÷ (60 × 5) = 150. உயரம் சுமார் 12.25 செ.மீ. வேண்டும். ஒன்றரை மடங்கு நீளத்துக்கு உயரம் ஒன்றரை மடங்காக வேண்டியதில்லை, இரண்டேகால் செ.மீ. கூட்டினாலே போதும்.

நீளத்தை மட்டும் செ.மீ. விட்டு மீட்டரில் போட்டால் அதே சட்டத்துக்கு k 0.6 ஆகிவிடும். இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றில் கண்டுபிடித்த k-ஐ மற்றொன்றில் போட்டால் விடை நூறு மடங்கு பிசகும். அதனால் k-ஐ எழுதும்போதே அலகையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது. 2 மீட்டருக்கு 150 கிலோ, 3 மீட்டருக்கு 100 கிலோ என்று பார்த்ததும், மீட்டருக்கு 50 கிலோ குறைகிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அப்படியென்றால் 5 மீட்டர் உத்திரம் ஒன்றுமே தாங்காது. உண்மையில் அது 60 கிலோ தாங்கும். குறைவதெல்லாம் எதிர் மாறல் அல்ல. L-ஐயும் W-ஐயும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 2 × 150, 3 × 100, 4 × 75, 5 × 60. ஒவ்வொரு முறையும் 300 வந்தால்தான் எதிர் மாறல்.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர் கலிலியோ. 1638-இல் லெய்டன் நகரில் வெளிவந்த தம் கடைசி நூலில், அகலம், உயரத்தின் வர்க்கம், நீளம் ஆகிய மூன்றின் விகிதத்தையும் சரியாகவே சொன்னார். ஆனால் உத்திரம் முறியும்போது அதன் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவு இழுபடுகிறது என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் நசுங்குகிறது, நடுவில் இரண்டும் இல்லை. மரத்தின் இழுவலிமையிலிருந்து அவர் வழியில் கணக்கிட்டால் k மூன்று மடங்கு கூடுதலாக வரும். சமன்பாட்டின் வடிவம் சரியாக இருந்தும் மாறிலி தவறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சோதனைச் சட்டத்தை ஏற்றிப் பார்த்து k கண்டுபிடிப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. உள்ளே நார்கள் எப்படி இழுபடுகின்றன என்று தெரியாமலேயே அவர் சரியான எண்ணைப் பெறுவார்.

சமன்பாட்டுக்கு எல்லைகள் உண்டு. L-ஐச் சுழியை நோக்கிக் குறைத்தால் W அளவின்றி ஏறுவதாகக் காட்டும். ஆனால் மிகக் குட்டையான துண்டு வளைந்து முறிவதற்கு முன்பே, தாங்கும் இடத்தில் நசுங்கியோ நார் பிளந்தோ போய்விடும். நீளம் கூடும்போது வேறு தொல்லை: ஒரே பாரத்துக்கு நடுப்பகுதி தொய்யும் அளவு L-இன் கனத்தோடு மாறுகிறது. நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் பாதியாகிறது, தொய்வோ எட்டு மடங்காகிறது. தவிர, உத்திரத்தின் சொந்த எடையை நம் சமன்பாடு பார்ப்பதே இல்லை. கன மீட்டருக்கு 700 கிலோ எடையுள்ள மரமென்றால், நம் சட்டம் மீட்டருக்கு 3.5 கிலோ. 10 மீட்டர் நீளத்துக்குச் சமன்பாடு தரும் விடை 30 கிலோ. உத்திரமே 35 கிலோ இருக்கும். அது நீளம் முழுக்கப் பரவியிருப்பதால் நடுவில் வைத்த 17.5 கிலோவுக்குச் சமம். மேலே ஏற்ற மிஞ்சுவது பன்னிரண்டரை கிலோதான்.