இலட்சம் பார்வைகளும் படகின் ஆசனங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் படகுச் சேவை, விருந்தினர் இல்லம், கடலுணவுக் கடை என்று தொழில் நடத்துவோர் பலர் இன்று முகநூல் பக்கமொன்றையும் கூடவே நடத்துகின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் பங்காளிகளாக முதலிட்டு நடத்தும் தொழில்களும் இவற்றுள் உள்ளன. மாத முடிவில் பங்காளிக்கு அனுப்பப்படும் செய்தி பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைந்துவிடுகின்றது. "இம்மாதம் இரண்டு இலட்சம் பேரை எட்டியுள்ளோம், விருப்பங்கள் பத்தாயிரத்தை நெருங்குகின்றன" என்பதே அது. இதைப் படிக்கும் பங்காளி மகிழலாம். ஆனால், இரண்டாவது படகுக்குப் பணம் இடுவதா, வேண்டாமா என்பதை இதைக்கொண்டு அவரால் தீர்மானிக்க முடியாது.

இங்கே பணயமாக இருப்பது பங்காளியின் முதல். முழாரபா முறையில் இணைந்தவர்கள் இதனை நன்கறிவர். ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இடும் அந்த உடன்படிக்கையில், நடத்துபவரின் கவனயீனமின்றி ஏற்படும் பண நட்டம் முழுவதும் முதலிட்டவரையே சாரும். நட்டத்தைச் சுமக்க வேண்டியவருக்கு மொத்தத் தொகைகளை மட்டும் காட்டுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள இலக்கங்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. துறைமுகத்திலிருந்து திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு படகு. ஜூலை மாத அறிக்கையில் 'எட்டியவர்கள் 2,10,000' என்றுள்ளது. இத்தொகை எவ்வாறு வந்தது? முப்பத்தொரு நாட்களின் தினசரி எண்ணிக்கைகளைக் கூட்டியதால் வந்தது. ஒருவர் பத்து நாட்கள் அப்பக்கத்தைக் கண்டிருந்தால் அவர் பத்துப் பேராகிவிடுகின்றார். மாதம் முழுவதையும் ஒரே காலப்பகுதியாகத் தெரிவு செய்து பார்த்தால், அதே பக்கம் 62,000 என்று காட்டுகின்றது. பொய் எதுவும் சொல்லப்படவில்லை. கூட்டக் கூடாததைக் கூட்டியதே தவறு.

விருப்பங்களின் மொத்தமும் இத்தகையதே. தொடங்கிய நாள் முதல் சேர்ந்து வரும் தொகை ஏறிக்கொண்டேதான் இருக்கும். தொழில் படுத்துவிட்ட பின்னரும் அது பெரிதாகக் குறைவதில்லை.

இலக்கத்தின் பெயரைக் கொண்டு அது எதை எண்ணுகின்றது என்று அறிய முடியாது. பெரு நிறுவனங்களே இதில் தடுமாறியுள்ளன. விளம்பரதாரர்களுக்குக் காட்டிவந்த 'சராசரிப் பார்வை நேரம்' சுமார் இரண்டு ஆண்டுகளாக மிகைப்பட்டிருந்தது என்பதை முகநூல் நிறுவனம் 2016இல் ஒப்புக்கொண்டது. ஒரு காணொளியைப் பத்துப் பேர் காண்கின்றனர் என்று வைப்போம். நால்வர் ஒரு விநாடியிலேயே விலகுகின்றனர்; ஆறு பேர் பத்து விநாடிகள் பார்க்கின்றனர். மொத்தம் 64 விநாடிகள். பத்துப் பேருக்கும் பகிர்ந்தால் சராசரி 6.4 விநாடிகள். ஆனால் முகநூல், மூன்று விநாடிகளேனும் பார்த்தவர்களின் தொகையால் மட்டுமே வகுத்தது. அவ்வாறு வகுத்தால் 10.7 விநாடிகள் வரும். உண்மையிலும் 60 முதல் 80 வீதம் வரை மிகைப்பட்டிருக்கலாம் என்று விளம்பர நிறுவனமொன்றுக்கு முகநூல் தெரிவித்தது. இது தொடர்பான வழக்கைத் தீர்ப்பதற்கு அந்நிறுவனம் 2019இல் 4 கோடி டொலர் வழங்க இணங்கியது; எனினும் குற்றத்தை ஏற்கவில்லை.

யூடியூப் நிறுவனமும் தனது குறுங்காணொளிகளுக்கான எண்ணும் முறையை 2025 மார்ச் 31ஆந் திகதி மாற்றியது. அன்று முதல் காணொளி ஓடத் தொடங்கினாலே, மீண்டும் ஓடினாலும், ஒரு பார்வையாகக் கணிக்கப்படுகின்றது. ஆகவே, அதற்கு முந்திய மாதத்துடன் ஒப்பிட்டு 'பார்வைகள் பெருகின' என்று பங்காளிக்கு எழுதினால், பெருகியது எமது வாடிக்கையா அல்லது அளவுகோலா என்ற கேள்வி எழும்.

நம்பத்தக்க எண் திரையில் இல்லை. படகின் பயணிகள் பதிவேட்டில் இருக்கின்றது. எமது எடுத்துக்காட்டில், ஜூலையில் 184 பேர் செய்தி அனுப்பி விசாரித்தனர். 53 குழுக்கள் ஆசனம் பதிந்தன. கரைக்கு வந்து படகேறியவை 46. ஏறும்போது ஒரேயொரு கேள்வி கேட்கப்பட்டது: "எங்களைப் பற்றி முதலில் எப்படி அறிந்தீர்கள்?" 14 குழுக்கள், தங்கியிருந்த விடுதிக்காரரே அனுப்பினார், தொலைபேசி இலக்கத்துக்காகவே பக்கத்தைப் பார்த்தோம் என்றன. அவை பக்கம் இல்லாவிடினும் வந்திருக்கக் கூடியவை. எஞ்சுவது 32. இவ்விரு எண்களையும் பங்காளிக்குக் கொடுக்க வேண்டும்: கூடினால் 46, குறைந்தால் 32.

இனிப் பணம். குழுவொன்றில் சராசரி மூவர். எரிபொருளும் படகோட்டியின் கூலியும் போக ஆசனமொன்றில் மிஞ்சுவது 1,500 ரூபா. அதாவது குழுவுக்கு 4,500. 32 குழுக்களால் 1,44,000 ரூபா. விளம்பரத்துக்கு 40,000, காணொளி எடுக்கும் இளைஞருக்கு 45,000, ஆக 85,000 செலவு. அந்த இளைஞரின் சம்பளத்தை விட்டுவிட்டு விளம்பரக் கட்டணத்தை மட்டும் காட்டுவது பலரிடம் காணப்படும் வழக்கம். முழுச் செலவையும் கழித்தால் 59,000 ரூபா மிஞ்சுகின்றது. இதுவரை நல்ல செய்திதான்.

இதனை எந்த மாதத்துடன் ஒப்பிடுவது? கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. பின்னர் வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிடும். எனவே ஜூலையை ஜனவரியுடன் ஒப்பிட்டு வளர்ச்சி காட்டுவது, பருவக்காற்றின் வேலையைத் தனதாக்கிக் கொள்வதாகும். சென்ற ஆண்டு ஜூலையுடனேயே ஒப்பிட வேண்டும். அப்போது அதே கேள்வியைக் கேட்டு எண்ணியதில், 35,000 ரூபா செலவில் 27 குழுக்கள் வந்திருந்தன என்று கொள்வோம். இவ்வாண்டு மேலதிகமாக 50,000 செலவிடப்பட்டது. மேலதிகமாக வந்தவை ஐந்து குழுக்கள் மட்டுமே. ஒவ்வொன்றையும் கொண்டுவர 10,000 ரூபா சென்றுள்ளது. ஒவ்வொன்றும் தந்தது 4,500. மொத்தத்தில் இலாபம் காட்டும் அதே கணக்கு, கடைசியாக இட்ட 50,000 ரூபாவில் பாதிக்கு மேல் கடலில் போனதையும் காட்டுகின்றது.

ஆயினும் ஒரு மாதத்தை வைத்து இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. ஜூலையில் காணொளியைக் கண்டவர் ஓகஸ்டில் விடுமுறை பெற்று வரலாம். கொந்தளிப்பால் படகு போகாத நாட்களும் இருந்திருக்கலாம். ஆகவே பருவம் முழுவதும் அதே கேள்வியை அதே விதமாகக் கேட்டுப் பதிய வேண்டும். படகோட்டிக்கு அவசரமான காலை வேளையில்தான் இது தவறிப்போகும். பதில் பெறப்படாத குழுக்களின் தொகையையும் அறிக்கையில் தனியே குறிப்பது முறை.

இத்தனைக்கும் ஒரு பக்கக் கடிதமே போதும். அது ஏறத்தாழ இவ்வாறு அமையலாம் என நாம் கருதுகின்றோம்: "ஜூலையில் பக்கத்தினால் வந்தவை 32 முதல் 46 வரையான குழுக்கள். சென்ற ஜூலையில் 27. செலவு 35,000இலிருந்து 85,000 ஆகியுள்ளது. கூட்டிய செலவு இன்னும் தன்னை ஈடுசெய்யவில்லை. ஓகஸ்ட் முடியும்வரை அதனைப் பழைய அளவுக்குக் குறைத்துப் பார்க்கின்றோம். படகு சென்ற 24 நாட்களில் ஆசனங்கள் முற்றாக நிரம்பியவை 6 நாட்கள். ஏழு நாட்கள் கடல் விடவில்லை. இரண்டாவது படகைப் பற்றிப் பருவம் முடிந்தபின் பேசுவோம்."