இரண்டு பெனால்டி, ஒன்றரை கோல், கடைசியில் பூஜ்யம்

2021 பிப்ரவரி 27 அன்று, இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் வெஸ்ட் பிராமுடன் மோதிய பிரைட்டன் அணிக்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. பாஸ்கல் குரோஸ் அடித்தது மேல்கம்பத்தில் பட்டது. டேனி வெல்பெக் அடித்தது பக்கக் கம்பத்தில் பட்டது. வெஸ்ட் பிராம் 1-0 என ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் டிவி திரையில் xG என்றொரு எண் வருமே, எக்ஸ்பெக்டெட் கோல்ஸ், அதன்படி அந்த இரண்டு பெனால்டிகளுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கோல்! கணக்கு எளிதுதான். பழைய ஆட்டங்களின் ஆயிரக்கணக்கான ஷாட்டுகளை எடுத்துக்கொண்டு, எவ்வளவு தூரம், என்ன கோணம், காலா தலையா என்று பார்த்து, அதே மாதிரி ஷாட்டுகளில் நூற்றுக்கு எத்தனை கோலாயின என்று எண்ணுகிறார்கள். பெனால்டியில் நான்குக்கு மூன்று உள்ளே போகும். எனவே சுமார் 0.76. பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடித்தால் 0.03, 0.04 தேறும். ஓர் அணியின் ஷாட்டுகள் எல்லாவற்றையும் கூட்டினால் அதன் எக்ஸ்ஜி.

இரண்டு பெனால்டியும் வீணாவது பதினாறு தடவைக்கு ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். ஆகவே அன்றைய எக்ஸ்ஜியைக் காட்டி ‘பிரைட்டன்தான் ஜெயித்திருக்க வேண்டும்’ என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. அந்த எண்ணில் பெரும்பங்கு பெனால்டியால் வந்தது. அணி எப்படிப் பந்தைக் கடத்தி வாய்ப்பை உருவாக்கியது என்பது அதில் தெரியாது. விவரமானவர்கள் பெனால்டியைக் கழித்துவிட்டே பார்ப்பார்கள். இன்னொன்று, கோல் வாயைக் கடந்து போன ஒரு பாஸுக்கு யாருடைய காலும் எட்டவில்லை என்றால், எவ்வளவு ஆபத்தான தருணமானாலும் அதற்குப் பூஜ்யம்தான். ஷாட் இல்லையென்றால் எக்ஸ்ஜியும் இல்லை. முன்னிலை பெற்ற அணி வேண்டுமென்றே பின்வாங்கித் தடுத்து ஆடினால், எதிரணியின் எண் ஏறிக்கொண்டே போகும். அது மேலாதிக்கமாகாது.

எக்ஸ்ஜி பேச ஆரம்பிப்பது பல ஆட்டங்கள் சேர்ந்த பிறகுதான். அந்த 2020-21 சீசனில் பிரைட்டன் 40 கோல்களே போட்டு, 41 புள்ளிகளோடு 16-ஆம் இடத்தில் முடித்தது. எக்ஸ்ஜியோ அதைவிட வெகு மேலான அணியைக் காட்டியது. பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை நிர்வாகம் மாற்றவில்லை. அடுத்த சீசனில் 51 புள்ளி, ஒன்பதாம் இடம்.

எண் ஜெயித்தது என்று கொண்டாடுபவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த ஒன்பதாம் இடத்துக்கு வந்த சீசனிலும் பிரைட்டன் போட்டது 42 கோல்தான், இரண்டே இரண்டு கூடுதல். வாங்கிய கோலும் 46-லிருந்து 44 ஆனது, அவ்வளவே. வாய்ப்பை உருவாக்கும் அணி என்று எக்ஸ்ஜி சொன்னது சரி. அவற்றைக் கோலாக்கும் ஆள் அணியில் இருக்கிறாரா என்று அது சொல்லவேயில்லை. ஏனென்றால் பந்தை அடிப்பவர் யார் என்பதை வழக்கமான எக்ஸ்ஜி கணக்கில் சேர்ப்பதில்லை.