தோற்றவர் வைத்த விலை

2022 ஜூன் 12 அன்று இந்திய கிரிக்கெட் வாரியம் ஒரு மின்னேலத்தைத் தொடங்கியது. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஆட்டங்களைக் காட்டும் உரிமைக்கான ஏலம் அது. இந்தியத் துணைக்கண்டத்தில் டிவியில் காட்ட ஓர் ஆட்டத்துக்கு 49 கோடி ரூபாய், இந்தியாவில் இணையத்தில் காட்ட 33 கோடி என்று அடிப்படை விலை வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஏலம் முடிந்தபோது டிவி விலை 57.5 கோடியிலும் இணைய விலை 50 கோடியிலும் நின்றது. டிவி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கும், இந்திய இணைய உரிமை அம்பானி குழுமத்தைச் சேர்ந்த வயாகாம்18-க்கும் போயின. சிறிய தொகுப்புகளையும் சேர்த்து, 410 ஆட்டங்களுக்கு 48,390 கோடி. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி.

அதற்கு முந்தைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 16,347.5 கோடி. ஆக, விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் பார்ப்பவர்கள் மூன்று மடங்காகிவிடவில்லை. ஆட்டங்கள் கூடின என்பது உண்மை, ஆனால் அது ஒரு பகுதியைத்தான் விளக்கும். மீதியைப் புரிந்துகொள்ள, ஏலம் கேட்டவர்கள் யார், ஏலம் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2017-இல் நடந்தது மூடிய உறை டெண்டர். உரிமைகள் பல பிரிவுகளாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலையும் கேட்கலாம். இந்திய டிவி உரிமைக்கு சோனி 11,050 கோடி கேட்டது. ஸ்டார் கேட்டதோ 6,196 கோடிதான். இணைய உரிமைக்கு 3,900 கோடியுடன் முன்னால் நின்றது ஃபேஸ்புக். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் அதிகம் கேட்டவரின் தொகையைக் கூட்டினால் 15,819 கோடிதான் வந்தது. மொத்தத்துக்கும் சேர்த்து ஸ்டார் கேட்டது 16,347.5 கோடி. சுமார் 528 கோடி வித்தியாசத்தில் மொத்தமும் ஸ்டார் கைக்குப் போனது. டிவியில் ஐந்தாயிரம் கோடி பின்தங்கியிருந்த நிறுவனம் டிவி உரிமையையும் வென்றது. ஏல விதிகள் எப்படி முடிவை மாற்றும் என்று விளக்க, பொருளாதார வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

2022-இல் சேர்த்துக் கேட்கும் வழியை வாரியம் அடைத்துவிட்டது. டிவிக்குத் தனிப் போட்டி, இணையத்துக்குத் தனிப் போட்டி. விலையும் மூடிய உறைக்குள் இல்லை. எதிராளி ஏற்ற ஏற்ற, தானும் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்ட ஏலத்தில் இறுதி விலையை வென்றவர் தீர்மானிப்பதில்லை. கடைசியாக விலகியவர் எந்த இடத்தில் விலகினாரோ, அதற்கு ஒரு படி மேலேதான் வென்றவர் கொடுக்கிறார். எனவே லீக்குக்குள் வரும் பணத்தின் அளவு, இரண்டாவதாக வந்தவரின் துணிச்சலைப் பொறுத்தது.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? விளம்பர வருமானத்தை மட்டும் கணக்கிட்டுக் கேட்டால் ஒரு கட்டத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். ஆனால் ஏலம் கேட்பவர் இன்னொரு கணக்கும் போடுகிறார்: இது எதிராளி கைக்குப் போனால் நமக்கு என்ன நட்டம்? அந்த நட்டத்தின் அளவு அடுத்த ஆண்டே தெரிந்தது. 2023-இல் வயாகாம்18 தன் ஜியோசினிமாவில் ஐபிஎல்லை இலவசமாகவே காட்டியது. 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்த டிஸ்னி ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை 2023 ஜூலைக்குள் 4.04 கோடியாக இறங்கியது. எச்பிஓ தொடர்களும் அதே நேரத்தில் ஹாட்ஸ்டாரை விட்டுப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பெரிய அடி கிரிக்கெட்டால்தான்.

சரி, 57.5 கோடி கொடுத்து ஓர் ஆட்டத்தை வாங்கிய டிவி நிறுவனம் அதை எப்படித் திரும்ப எடுக்கும்? மாணவர்கள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பத்து நொடி விளம்பரத்துக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இன்னிங்ஸில் 20 ஓவர், அவற்றுக்கு நடுவே 19 இடைவெளி. இரண்டு இன்னிங்ஸுக்கும் 38. ஒவ்வொன்றிலும் 40 நொடி விளம்பரம் போட்டால் 1,520 நொடி. டைம்அவுட் இன்னிங்ஸுக்கு இரண்டு, தலா இரண்டரை நிமிடம். நான்கும் சேர்ந்து 600 நொடி. விக்கெட் விழும்போது கிடைக்கும் நேரம், 12 விக்கெட் என்றால், தலா 30 நொடி வீதம் 360. மொத்தம் 2,480 நொடி. அதாவது 248 பத்து நொடித் துண்டுகள், 37 கோடி ரூபாய் சொச்சம்.

இன்னும் 20 கோடி துண்டு விழுகிறது. இன்னிங்ஸ் இடைவேளை, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் அரட்டை நிகழ்ச்சிகள், பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைச் சுருக்கி ஓரத்தில் காட்டும் விளம்பரம் எல்லாம் இந்த 20 கோடியைத் துரத்தித்தான் வருகின்றன. டைம்அவுட் என்ற ஏற்பாடு அணித்தலைவர்கள் வியூகம் வகுக்க வந்தது என்று நம்புபவர் நம்பலாம். இதற்கும் மேல் மிஞ்சும் பள்ளத்தைக் கேபிள், டிடிஎச் இணைப்புகளிலிருந்து வரும் கட்டணம் நிரப்ப வேண்டும். அதுவும் போதாவிட்டால் நட்டம்தான். ஆட்டம் பத்தொன்பதாவது ஓவரிலேயே முடிந்தாலும், மழையில் ஓவர் குறைந்தாலும் விற்பதற்கு இருந்த நொடிகள் கரைகின்றன. ஒருதலையான ஆட்டத்தில் பார்ப்பவர்கள் பாதியில் எழுந்துபோனால், அடுத்த ஆண்டு 15 லட்சம் என்று சொல்ல வாய் வராது.

இனி வாரியத்தின் கைக்கு வந்த பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒளிபரப்புப் பணத்தில் சுமார் பாதியை வாரியம் வைத்துக்கொள்கிறது. மறுபாதி அணிகளுக்கு. அதில் பெரும்பகுதி சமமாகப் பிரிகிறது. சிறு பகுதி மட்டும் அணி முடித்த இடத்தைப் பொறுத்தது. 74 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தை, ஆட்டத்துக்கு 118 கோடி வீதம் எடுத்துக்கொண்டால் 8,732 கோடி. பாதியைப் பத்து அணிகளுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 437 கோடி. 2024 முதல் 2028 வரை டாடா குழுமம் தலைப்பு ஸ்பான்சராக ஆண்டுக்கு 500 கோடி கொடுக்கிறது. அதிலும் பாதியை இதே போலப் பிரித்தால் அணிக்கு 25 கோடி. ஒரு பந்து வீசுவதற்கு முன்பே 460 கோடி ரூபாய் உறுதி. 2025 பருவத்துக்கு வீரர்களை வாங்க ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்போ 120 கோடி.

சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்கள் அணியைத் தாங்கிப் பிடிப்பதாக நினைப்பது இயல்பு. 35,000 பேர் சராசரியாக 3,000 ரூபாய் கொடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 10.5 கோடி, சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டங்களுக்கு 73 கோடி ரூபாய் சொச்சம். அதாவது பொதுத் தொகுப்பிலிருந்து வருவதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

சமமாகப் பிரிப்பது தயாள குணத்தால் அல்ல. எப்போதும் ஒரே அணி ஜெயித்தால் மற்ற ஊர்க்காரர்கள் பார்க்கமாட்டார்கள், 15 லட்சம் விழும். ஸ்பெயின் கால்பந்தில் நெடுங்காலம் ஒவ்வொரு கிளப்பும் தன் டிவி உரிமையைத் தானே விற்றது; ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பணத்தை அள்ள, சிறிய கிளப்புகள் கடனில் மூழ்கின. 2015-இல் அரசே சட்டம் போட்டுக் கூட்டு விற்பனைக்கு மாற்றியது.

ஆனால் வரவு சமமாக இருப்பதால் லாபமும் சமம் என்று ஆகாது. 2008-இல் சேர்ந்த அணிகள் தங்கள் உரிமத் தொகையைப் பத்தாண்டுகளில் கட்டி முடித்துவிட்டன. 2018 முதல் வருமானத்தில் 20 சதவீதத்தை வாரியத்துக்குத் தருகின்றன. 2022-இல் சேர்ந்த லக்னோ அணிக்கு ஆர்பிஎஸ்ஜி குழுமம் ஒப்புக்கொண்ட விலை 7,090 கோடி. பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 709 கோடி. மேலே பார்த்த 460 கோடி தவணைக்கே போதவில்லை. ஜெர்சி ஸ்பான்சர்களும் டிக்கெட்டும் வீரர் சம்பளத்தை ஈடுகட்டினாலே பெரிய காரியம். உரிமையாளர் எதிர்பார்ப்பது ஆண்டு லாபத்தை அல்ல. அணியின் விலை உயரும் என்பதை. இந்தக் கணக்கு எல்லாருக்கும் கைகொடுத்ததில்லை. 33.3 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட கொச்சி அணி 2011-இல் ஒரே ஒரு பருவம் ஆடியது. வங்கி உத்தரவாதம் கட்டத் தவறியதால் அந்த செப்டம்பரிலேயே நீக்கப்பட்டது.

ஸ்பான்சர் பணத்தின் குணம் வேறு. அது சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். 2017-இல் தலைப்பு ஸ்பான்சருக்கான மூடிய உறையில் விவோ எழுதியது ஐந்தாண்டுக்கு 2,199 கோடி. அடுத்த இடத்தில் ஒப்போ, 1,430 கோடி. எதிராளியின் விலை தெரியாததால் விவோ 769 கோடி கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.  2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு சீன நிறுவனத்தின் பெயர் தாங்கிய லீக்குக்கு எதிர்ப்பு கிளம்ப, அந்த ஆண்டு விவோ ஒதுங்கியது. அவசரமாக வந்த ட்ரீம்11 கொடுத்தது 222 கோடி. விவோ ஓர் ஆண்டுக்குத் தந்துவந்த 440 கோடியில் ஏறக்குறைய பாதி. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும், இந்திய அணியின் ஜெர்சியிலிருந்து ட்ரீம்11 பெயரும் போயிற்று. ஆட்டத்துக்கும் இந்த முடிவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒளிபரப்பில் இப்போது கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. 2022-இல் எதிரெதிரே நின்று விலையை ஏற்றிய ஸ்டாரும் வயாகாம்18-உம் 2024 நவம்பரில் ஒரே நிறுவனமாயின, பெயர் ஜியோஸ்டார். இணைப்புக்கு அனுமதி தந்த இந்தியப் போட்டி ஆணையத்திடம், கிரிக்கெட்டின் டிவி, இணைய விளம்பர நேரத்தைக் கட்டாயமாகச் சேர்த்து விற்கமாட்டோம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். இது விளம்பரம் தருபவர்களுக்கான பாதுகாப்பு. ஏலத்தில் உரிமையை விற்கும் வாரியத்துக்கோ அணிகளுக்கோ இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. சோனி வரலாம். அமேசான் வரலாம், ஆனால் அது 2022 ஏலத்துக்கு முன்பே விலகிக்கொண்ட நிறுவனம். எதிரே யாரும் துணிந்து நிற்காவிட்டால், ஜியோஸ்டார் அடிப்படை விலையைக் கொடுத்தாலே போதும்.

இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. லக்னோ அணியின் உரிமத் தவணையோ 2031 வரை இருக்கிறது.